ஹோட்டல் சுவரில் இரண்டு தட்டைத் துளை: போட்டோவை வைத்து அடாப்டர் வாங்குவது எப்படி?

என் தங்கச்சியின் கணவர் வேலை விஷயமாக ஜப்பானில் ஒசாகாவுக்குப் போனார். ஹோட்டல் அறைக்குள் நுழைந்த அன்று இரவே ஒரு போட்டோ அனுப்பினார். கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு வெள்ளைத் தகடு, அதில் நெட்டுக்குத்தாக இரண்டு கீறல், அதற்குக் கீழே இன்னும் இரண்டு கீறல். வேறு ஒன்றும் இல்லை, சுவிட்ச் கூட இல்லை. தங்கச்சி அதை எனக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள்.

"அண்ணா, இன்னும் பத்து நாள்ல நானும் பாப்பாவும் கிளம்பணும். இதுக்கு எந்த அடாப்டர் வாங்கணும்னு சொல்லுங்க. கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், பாப்பாவோட நெபுலைசர் எல்லாம் எடுத்துட்டுப் போறேன்."

வயரிங் வேலையில் இருப்பதால் வெளிநாடு கிளம்புகிற சொந்தக்காரர்கள் பலர் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியாகக் கேட்டாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் ப்ளக் அந்தத் துளைக்குள் போகுமா என்பது ஒன்று. போனபிறகு அங்கே வருகிற கரண்டை நம் சாமான் தாங்குமா என்பது இன்னொன்று. போட்டோ முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கான பதில் சாமானின் அடியில் ஒட்டியிருக்கிற சின்ன லேபிளில் இருக்கிறது. தங்கச்சி வீட்டில் நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் போட்டோ

மாப்பிள்ளை அனுப்பிய முதல் போட்டோ சாய்வாக எடுத்தது. பாதித் தகடு நிழலில் இருந்தது. சாய்வாக எடுத்தால் வட்டத் துளை நீள்வட்டமாகவும், தட்டைத் துளை இன்னும் ஒல்லியாகவும் தெரியும். அதனால் இன்னொன்று கேட்டு வாங்கினேன். சாக்கெட்டுக்கு நேராகப் போனைப் பிடித்து, அதில் செருகியிருக்கும் விளக்கு ப்ளக்கைக் கழற்றிவிட்டு, தகட்டில் உள்ள எழுத்தும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். கட்டில் பக்கம், மேஜை, குளியலறை என்று அறையில் உள்ள எல்லா சாக்கெட்டையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். ஒரே அறையில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, இரண்டும் நிமிர்ந்து நிற்கிற தட்டைத் துளைகள். நம் ஊர் வட்டப் பின் அதில் போகவே போகாது. இரண்டாவது, இடப்பக்கத் துளை வலப்பக்கத்தை விடக் கொஞ்சம் நீளம். அந்த நீளமான பக்கம் நியூட்ரல். ஜப்பானில் இதுதான் வழக்கம். மூன்றாவது, எர்த்துக்கான துளை எங்கேயும் இல்லை. கடையில் பலரும் ஏமாறுவது இந்த மூன்றாவது விஷயத்தில்தான்.

ஏனென்றால் அமெரிக்க சாக்கெட்டிலும் இதே இரண்டு தட்டைத் துளைகள் உண்டு. அதற்குக் கீழே கூடுதலாக ஒரு எர்த் துளை இருக்கும். நம் ஊர்க் கடையில் "ஜப்பானுக்கு அடாப்டர் வேணும்" என்று கேட்டால், "யூஎஸ் பின்தாங்க அங்கேயும்" என்று எடுத்துத் தருவார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு தட்டைப் பின்னோடு ஓர் உருண்டை எர்த் பின்னும் சேர்ந்தே இருக்கும். ஒசாகா ஹோட்டல் சுவரில் அந்த மூன்றாவது பின்னுக்கு இடமே இல்லை. ஆகவே போட்டோவில் மூன்றாவது துளை இல்லையென்றால், இரண்டு தட்டைப் பின் மட்டும் உள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர்கள் இதை டைப் ஏ என்றும், மூன்று பின் உள்ளதை டைப் பி என்றும் சொல்வார்கள். நம் வட்டப் பின் இரண்டு உள்ள ப்ளக்கின் பெயர் டைப் சி. போனில் செருகுகிற சார்ஜர் முனைக்கும் அதே பெயர் என்பதால் கடையில் குழப்பம் வரும். போட்டோவையே காட்டிவிடுவது நல்லது.

தகட்டின் ஓரத்தில் `15A 125V` என்று பொடி எழுத்தில் இருந்தது. "அப்போ அங்க 125 வோல்ட்டா அண்ணா?" என்றாள் தங்கச்சி. இல்லை. அது அந்த சாக்கெட் தாங்கக்கூடிய அளவு. நம் வீட்டு சுவிட்ச் போர்டில் 6 ஆம்ப் 240 வோல்ட் என்று போட்டிருப்பதும் அப்படித்தான். சுவருக்குள் உண்மையில் வருவது ஜப்பான் முழுக்க 100 வோல்ட்.

அங்கே ஏசிக்கென்று 200 வோல்ட் சாக்கெட்டும் உண்டு. அதில் இரண்டு கீறல்களும் படுத்த வாக்கில் ஒரே கோட்டில் இருக்கும், அல்லது ஒரு துளை மடங்கியிருக்கும். போட்டோவில் அப்படி ஒன்று தெரிந்தால் அது நமக்கானது இல்லை.

உங்கள் போட்டோ வேறு நாட்டினுடையதாக இருக்கலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் என்றால் மூன்று செவ்வகத் துளைகள் இருக்கும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் வட்டக் குழிக்குள் இரண்டு உருண்டைத் துளைகள். ஆஸ்திரேலியாவில் இரண்டு துளைகள் கூரை போலச் சாய்ந்து நிற்கும். இலங்கை வாசகர்கள் வீட்டில் மூன்று செவ்வகப் பின் ப்ளக்கும் இருக்கும். அடாப்டர் வாங்கும்போது சுவர்ப் பக்கம் மட்டுமல்லாமல், உங்கள் ப்ளக் அதில் செருகுமா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

துளையை வைத்து வோல்டேஜைச் சொல்ல முடியாது

இந்த இரண்டு தட்டைத் துளை ஜப்பானில் இருந்தால் 100 வோல்ட். தைவானில் 110. அமெரிக்காவில் 120. பிலிப்பைன்ஸில் அதே துளையில் 220 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகிற நாடு அது. ஜப்பானில் வாங்கிய 100 வோல்ட் ஹேர் டிரையரை மணிலாவுக்கு எடுத்துப் போனால் அடாப்டரே இல்லாமல் ப்ளக் அழகாக உள்ளே போகும். போட்ட நிமிஷத்தில் காயில் கருகும். வோல்டேஜ் இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் சூடு ஏறத்தாழ ஐந்து மடங்காகும்.

அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. ஒரு பக்கம் வருகிற கரண்டை அப்படியே மறுபக்கம் கொடுக்கும், பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரும். 'யூனிவர்சல்' என்று பெட்டியில் போட்டிருப்பதும் வடிவத்தைப் பற்றித்தான்.

ஆகவே நாட்டின் பெயரை வைத்து வோல்டேஜைத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஹோட்டல் வரவேற்பில் கேளுங்கள், அல்லது அறையில் உள்ள கெட்டிலைத் திருப்பி அடியில் பாருங்கள். ஹோட்டல்காரர்கள் வைத்த கெட்டிலில் 100 வோல்ட் என்று இருந்தால் அந்தச் சுவரில் வருவது 100 வோல்ட்தான்.

லேபிளைப் படிப்பது

தங்கச்சியின் சாமான்களை எல்லாம் தரையில் பரப்பினோம். போன் சார்ஜரில் எழுத்து சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகப் படிக்கலாம். அதில் இருந்தது இதுதான்:

```
INPUT: 100-240V~ 50/60Hz 0.5A
OUTPUT: 5V 3A
```

`INPUT` என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். `OUTPUT` வரி போனுக்குள் போகிற கரண்ட், அதற்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை. 5 வோல்ட் என்பதைப் பார்த்துப் பயந்து சார்ஜரையே வீட்டில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 100 முதல் 240 வரை என்று இருந்தால் அது ஜப்பானிலும் ஓடும், சென்னையிலும் ஓடும். அடாப்டர் மட்டும் போதும். லேப்டாப், கேமரா, டேப்லெட் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

கெட்டிலின் அடியில் இருந்தது வேறு:

```
220-240V~ 50Hz 1500W
```

இதில் 100 இல்லை. தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி: "குறைஞ்ச வோல்டேஜ்தானே, வெடிக்காதுல்ல? மெதுவா கொதிச்சா கொதிச்சுட்டுப் போகட்டும்." வெடிக்காது, உண்மைதான். ஆனால் வோல்டேஜ் பாதிக்கும் கீழே போனால் அதில் ஓடுகிற கரண்டும் அதே அளவுக்குக் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் சூடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட எட்டாது. 1500 வாட்ஸ் கெட்டில் அங்கே 300 வாட்ஸுக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும். இங்கே நாலைந்து நிமிஷத்தில் கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீருக்கு அங்கே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ரைஸ் குக்கரில் அரிசி வேகாமல் ஊறிக் குழைந்து கிடக்கும். இரண்டையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். கெட்டில் அந்த அறையிலேயே இருப்பது மாப்பிள்ளை அனுப்பிய மேஜைப் படத்தில் தெரிந்தது.

சில ஹேர் டிரையர்களில் கைப்பிடி ஓரம் 110, 220 என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். நாணயத்தால் திருப்புவது. அப்படி இருந்தால் ஜப்பானில் 110 பக்கம் வைத்துப் பயன்படுத்தலாம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை 220 பக்கம் திருப்ப வேண்டும். 110-இல் இருக்கும்போதே நம் வீட்டு சாக்கெட்டில் போட்டால் டிரையர் அதோடு போச்சு.

நெபுலைசர்: நான் அதிக நேரம் செலவழித்தது இதில்

பாப்பாவுக்கு நாலு வயது. வீசிங் வந்தால் இரவில் நெபுலைசர் வைக்க வேண்டும். வீட்டில் இருந்தது கம்ப்ரஸர் மெஷின். லேபிளில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தது. கெட்டில் ஓடாவிட்டால் காபி தாமதம் ஆகும், அவ்வளவுதான். மெஷின் அப்படியில்லை.

உள்ளே மோட்டார் உள்ள எதையும் குறைந்த வோல்டேஜில் போடக் கூடாது. நம் ஊரில் லோ வோல்டேஜ் நாளில் தண்ணீர் மோட்டார் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே சுற்றாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். சுற்ற முடியாமல் நிற்கிற மோட்டாரில் காயில் சூடேறிக் கருகும். ஒருவேளை தட்டுத்தடுமாறிச் சுற்றினாலும் காற்றழுத்தம் போதாது. புகை மாதிரி வரவேண்டிய மருந்து இழையாக வரும், பிள்ளைக்குப் போகவேண்டிய அளவு போகாது. புகை ஏதோ வருகிறதே என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்வதுதான் இதில் ஆபத்து.

100 வோல்ட்டை 220 ஆக ஏற்றித் தருகிற ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். மெஷினில் போட்டிருக்கும் வாட்ஸைப் போல இரண்டு மடங்காவது தாங்குகிறதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும். ஆனால் இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்பதை, மாற்றாது. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். ஒரே நாடு இன்றுவரை இரண்டு பாதியாக ஓடுகிறது. போன் சார்ஜருக்கு இதனால் எதுவும் ஆகாது. 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதிய மோட்டாருக்கு ஆகும்.

நான் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி பாப்பாவின் டாக்டரிடம் பயண விஷயத்தைச் சொன்னாள். பேட்டரியிலும் யூஎஸ்பியிலும் ஓடுகிற மெஷ் நெபுலைசருக்கு அவர் சம்மதித்தார். எந்த மருந்தை அதில் போடலாம், எதைப் போடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். ஸ்பேசரோடு இன்ஹேலரும் எழுதினார். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு தடவை வைத்துப் பழகிக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் மருத்துவ மெஷின் இருந்தால் இந்த வழியாகவே போங்கள். அடாப்டர் கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

கடையில் வாங்கியது

லேப்டாப் ப்ளக்கில்தான் அடுத்த முட்டுக்கட்டை. நம் ஊர் மூன்று பின் ப்ளக்கின் தடித்த எர்த் பின், பல யூனிவர்சல் அடாப்டரில் இறங்கவே இறங்காது. பாதி இறங்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடாப்டரை வாங்குவதை விட வயரை மாற்றுவது சுலபம். சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகிற வயரைக் கழற்றிப் பாருங்கள். கட்டியின் பக்கம் மூன்று இதழ் மாதிரியோ, 8 மாதிரியோ துளை இருக்கும். அதே முனையும் மறுபக்கம் இரண்டு தட்டைப் பின்னும் உள்ள வயர் தனியாகவே விற்கிறது. அது இருந்தால் லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம்.

எர்த் இல்லாததால் உலோக உடம்பு உள்ள லேப்டாப்பைத் தடவும்போது விரலில் லேசாக விறுவிறு என்று தெரியலாம். நல்ல சார்ஜராக இருந்தால் அது ஆபத்தான அளவு இல்லை. ஆனால் சுள்ளென்று அடித்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

போன்களுக்கு இரண்டு வட்டப் பின்னை இரண்டு தட்டைப் பின்னாக மாற்றுகிற சின்ன அடாப்டர் இரண்டு வாங்கினோம். நான் பார்த்தது மூன்று விஷயம். அடாப்டர் மேல் எத்தனை ஆம்ப், எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். எதுவும் அச்சிடாததை வாங்க வேண்டாம். நம் ப்ளக் அதில் இறுக்கமாக உட்கார வேண்டும், தலைகீழாகப் பிடித்து உதறினால் விழக் கூடாது. உயரமாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஏனென்றால் கனமான அடாப்டர் தன் எடையாலேயே சுவரிலிருந்து மெல்ல வெளியே வந்துவிடும்.

ஆம்ப் கணக்கில் ஒரு விஷயம். அடாப்டரில் 6 ஆம்ப் என்று இருந்தால் நம் ஊரில் அது 1300 வாட்ஸுக்கு மேல் தாங்கும். 100 வோல்ட்டில் அதே அடாப்டர் 600 வாட்ஸ்தான். மூன்று சார்ஜர் போட்டால் எதுவும் ஆகாது. 110, 220 திருகு உள்ள 1200 வாட்ஸ் ஹேர் டிரையரை அங்கே 110 பக்கம் வைத்து இதன் வழியாக மாட்டினால் அடாப்டர் சூடேறி உருகலாம்.

அறைக்குப் போனதும்

முதலில் வெறும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். பின் கொஞ்சம்கூட வெளியே தெரியாமல் முழுக்க இறங்க வேண்டும். ஆடினால் பக்கத்து சாக்கெட்டைப் பாருங்கள். பிறகு போன் சார்ஜரை மட்டும் போட்டுப் பத்து நிமிஷம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, 'சிர்ர்' என்ற சத்தம், பிளாஸ்டிக் வாடை, பின் ஓரத்தில் பழுப்புக் கறை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பிடி தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த சாக்கெட் வேண்டாம். ஜப்பான் சாக்கெட்டில் சுவிட்ச் இல்லாததால் செருகிய உடனே கரண்ட் வந்துவிடும். ஈரக் கையோடு தொடாதீர்கள். கழற்றும்போது வயரை இழுக்காமல் ப்ளக்கைப் பிடித்து இழுங்கள். பாப்பாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிற துளைகளுக்கு மூடி கேளுங்கள், இல்லையென்றால் மேஜையை நகர்த்தி மறையுங்கள்.

ப்ளக் இல்லாத வயரைச் சீவி, துளையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி நிறுத்துகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா போனால் எர்த் துளையில் பேனாவைக் குத்தி, திறந்த மூடிக்குள் இரண்டு பின்னைத் தள்ளுவார்கள். அந்த மூடியே பின் தவறாக நுழையாமல் இருப்பதற்குத்தான். தயவுசெய்து எந்த நாட்டிலும் இதைச் செய்யாதீர்கள். அடாப்டர் மறந்துபோனால் வரவேற்பில் கேளுங்கள், பல ஹோட்டல்களில் இரவல் தருவார்கள். இல்லையென்றால் அங்கேயே யூஎஸ்பி சார்ஜர் ஒன்று வாங்குங்கள். அந்த ஊர்ப் பின்னோடுதான் வரும், உங்கள் போன் வயர் அதில் போகும்.

சில நாடுகளின் குளியலறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஷேவர் படம் போட்ட சாக்கெட் இருக்கும். 'ஷேவர்ஸ் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நம் வட்டப் பின் அதில் போய்விடும் என்பதால் பலர் ஹேர் டிரையரைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் ஷேவர், பல் துலக்கும் பிரஷ் அளவுக்குத்தான் தாங்கும்.

திரும்பி வரும்போது

மூன்று வாரம் கழித்துத் தங்கச்சி அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். கடையில் ஒரு ரைஸ் குக்கர். "விலை நல்லா இருக்கு அண்ணா, வாங்கட்டுமா?" அடியில் உள்ள லேபிளைப் படம் எடுக்கச் சொன்னேன். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தது. அதை இங்கே சாக்கெட்டில் போட்டால் ஐந்து மடங்குக்கு மேல் சூடு. முதல் சோறு வேகும் முன்னே காயிலும் போர்டும் போய்விடும். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று 220 அல்லது 230 வோல்ட்டில் செய்த மாடல்கள் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும், அதைக் கேட்டுப் பார் என்றேன். விலை கூடுதலாக இருந்ததால் வாங்காமல் வந்துவிட்டாள். வாங்கி வந்தது இரண்டு போன் சார்ஜர் மட்டும். இரண்டிலும் 100 முதல் 240 என்று இருக்கிறது. தட்டைப் பின்னை நம் சாக்கெட்டில் போட வேறொரு அடாப்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.